பதினேழாம் எண், இரண்டாவது மெயின் ரோடு

அந்த வட்டாரத்தில் அவரை எல்லாரும் வேன்காரம்மா என்றுதான் சொல்வார்கள். ஐம்பத்து நாலு வயது. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலையில் பதினாலு பிள்ளைகள், மாலையில் அதே பதினாலு. எந்தப் பிள்ளைக்கு ஜன்னல் ஓரம் வேண்டும், எதற்கு வளைவில் திரும்பினால் வயிற்றைப் புரட்டும், எது ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டு வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படி ஊரையே சுற்றியவர், ஊர் எல்லையைத் தாண்டியது ஏழெட்டு தடவைதான். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய தங்கை வெளிநாட்டிலிருந்து போன் பண்ணினாள். தங்கை அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. நாற்பத்தேழு வயதுவரை கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுவாள்.

"அக்கா, உட்கார்ந்திருக்கியா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். எங்க ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்கறவர். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து, அவ்வளவுதான். ஆனா நீ வரணும்."

வேன்காரம்மாவுக்கு சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "நான் எப்படிடி வர்றது? என்கிட்ட பாஸ்போர்ட்டே இல்லையே."

"எடு. நாலு மாசம் இருக்கு. நீ வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன். அப்புறம் அந்த மனுஷன் கிழவனாயிடுவான், பாவம்."

பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வேன்காரம்மாவின் கணவர், "எடுத்துடலாம்னு சொல்லு," என்றார்.

அவர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கு எடுக்கிறவர். தெருத்தெருவாக நடந்து, வீடு வீடாக எண்களைக் குறித்துக்கொண்டு வருவதுதான் அவர் பிழைப்பு. எண் என்றால் அவரை அசைக்க முடியாது. இருபது வருஷத்தில் ஒரு எண் தப்பாக எழுதினதில்லை என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். அதனால் விண்ணப்பத்தை நானே நிரப்புகிறேன் என்று அன்று சாயங்காலமே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் பக்கத்து ஆபீஸ் நண்பரிடம் இரவல் வாங்கிய லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேன்காரம்மா அடையாள அட்டை, பள்ளிக்கூடச் சான்றிதழ், டிரைவிங் லைசென்ஸ், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் சீட்டு விரிப்பதுபோல மேசையில் பரப்பினார்.

முதல் முட்டுக்கட்டை பேரிலேயே வந்தது.

"இனிஷியல் போடக்கூடாதாம். விரிச்சு எழுதணும்."

"அப்படின்னா?"

"உங்க அப்பா பேரை முழுசா எழுதணும். உன் பேர் ஒரு கட்டத்துல, அவர் பேர் ஒரு கட்டத்துல."

வேன்காரம்மாவின் அப்பா போய் முப்பது வருஷம். இத்தனை காலம் அவர் ஒரே ஒரு எழுத்தாகத்தான் மகள் பேருக்கு முன்னால் நின்றார். வேன்காரம்மா பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்து, அதில் எப்படி எழுதியிருக்கிறதோ அதே எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கணவர் தட்டினார். திரையில் தன் பேரும் அப்பா பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பார்த்து வேன்காரம்மா, "நல்லா இருக்கு," என்றார்.

பிறப்புச் சான்றிதழ் அவரிடம் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி இருந்தது, அது போதும் என்று போட்டிருந்தது. பிறகு விலாசம். கணவர் அடையாள அட்டையைப் பார்த்து அப்படியே அடித்தார். அட்டையில் இருப்பதும் விண்ணப்பத்தில் இருப்பதும் அச்சு மாறாமல் இருக்க வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கடைசியாக ஒரு கேள்வி.

"உன் மேல ஏதாவது வழக்கு இருக்கா?"

வேன்காரம்மா எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார்.

எதிர்வீட்டம்மாவோடு அவருக்குப் பேச்சுவார்த்தை நின்று மூன்று வருஷம். வேனை எங்கே நிறுத்துவது என்பதில் ஆரம்பித்தது. அந்தம்மா வீட்டு கேட்டுக்கு முன்னால் ஒருநாள் வண்டி அரை அடி நீண்டுவிட்டது. விடிகாலையில் வண்டி உறுமுகிறது, தூக்கம் கெடுகிறது என்று வார்த்தை தடித்தது. "இருங்க, ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறேன்," என்று அந்தம்மா கையில் ஒரு காகிதத்தோடு விறுவிறுவென்று தெருமுனை வரைக்கும் போனதை வேன்காரம்மா தன் கண்ணால் பார்த்திருந்தார். அதற்குப் பிறகு போலீஸ் யாரும் வரவில்லை. ஆனால் அந்தக் காகிதம் எங்கேயோ ஒரு ஃபைலில் தூங்குகிறது என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல்.

"வழக்கு எல்லாம் இல்ல. 'இல்லை'ன்னு போடு," என்றார் கணவர், தனக்குத்தானே சொல்லிக்கொண்டு.

பணம் கட்டி, தேதி கிடைத்து, பத்தாம் நாள் வேன்காரம்மா பாஸ்போர்ட் சேவை மையத்துக்குப் போனார். காலை டிரிப் முடித்த கையோடு, இருப்பதிலேயே நல்ல புடவை. டோக்கன் எண் திரையில் வந்தால் உள்ளே ஓட வேண்டும் என்று நினைத்து நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். முதல் கவுன்டரில் ஒரு பெண் அசல் சான்றிதழ்களை வாங்கி ஸ்கேன் செய்தாள். பத்து விரலையும் வைத்து அழுத்தச் சொன்னாள். கேமராவைப் பார்க்கச் சொன்னாள்.

"கண்ணாடியைக் கழட்டுங்கம்மா. சிரிக்காதீங்க."

"எனக்கு மூஞ்சே அப்படித்தாம்மா."

அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். மூன்றாவது தடவைதான் படம் சரியாக விழுந்தது.

"திரையில எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அப்புறம் மாத்தறது கஷ்டம்."

வேன்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தன் பேர், சரி. அப்பா பேர், ஒவ்வொரு எழுத்தாக, சரி. பிறந்த தேதி, சரி. வீட்டு எண் பதினேழு, சரி. தலையாட்டினார். இரண்டாவது கவுன்டரில் அசலையும் நகலையும் ஒப்பிட்டார்கள். மூன்றாவதில் ஓர் அதிகாரி நாலு கேள்வி கேட்டு, "போலீஸ் விசாரணை முடிஞ்சதும் பாஸ்போர்ட் பிரிண்ட் ஆகும்," என்று ஃபைல் எண் போட்ட சீட்டைக் கொடுத்தார். இவ்வளவுதானா என்று இருந்தது. வெளியே வந்து நின்றுகொண்டே டீ குடித்தார். மாலை டிரிப்பில் பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னதும், ஒரு பொடிசு, "ஆன்ட்டி, நீங்க பிளேன் ஓட்டப் போறீங்களா?" என்று கேட்டது. எல்லாருக்கும் அதுதான் ஒரு வாரத்துக்குப் பேச்சு.

மறுவாரம் ஒரு நாள், மாலை மூன்றே முக்காலுக்கு, தெரியாத எண்ணிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. வண்டியில் பிள்ளைகள் இருக்கும்போது அவர் போனைத் தொடமாட்டார். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அதற்கப்புறம் நாலாம் நாள் செய்தி வந்தது. போலீஸ் அறிக்கை பாதகமாக இருக்கிறதாம், விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம், பாஸ்போர்ட் அலுவலகத்தைத் தொடர்புகொள்ள வேண்டுமாம்.

பாதகம். வேன்காரம்மாவின் கண் நேராக எதிர்வீட்டுக்குப் போனது. மாடியில் எதிர்வீட்டம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? மூணு வருஷம் காத்திருந்து வச்சா பாருங்க ஆப்பு," என்றார் கணவரிடம்.

"அவசரப்படாத. ஸ்டேஷன்ல போய்க் கேப்போம்."

"நானே போறேன். நான் என்ன திருடிட்டேனா?"

மறுநாள் பத்து மணிக்கு, ஃபைல் எண் சீட்டையும் அட்டையையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். வாசலில் வேனை நிறுத்துவதற்குக்கூட அன்று பயமாக இருந்தது, எதிர்ச்சந்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். உள்ளே ஒரு ஏட்டு, கனத்த மீசை, மேசை நிறைய காகிதம். பாஸ்போர்ட் விசாரணையெல்லாம் அவர் பொறுப்புதான்.

"சார், என் மேல யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க. அது பொய் சார். வண்டி அரை அடிதான் நீண்டிருந்தது."

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "எந்த வண்டி?"

வேன்காரம்மா மூன்று வருஷக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னார். ஏட்டு பொறுமையாகக் கேட்டார். ஃபைல் எண் சீட்டையும் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தார். பிறகு கணினியில் எதையோ தட்டி, இன்னொரு பதிவேட்டையும் புரட்டினார்.

"அம்மா, உங்க மேல ஒரு புகாரும் கிடையாது. இப்பவும் இல்ல, எப்பவும் இல்ல. நான் உங்களைத் தேடி வந்தேன், நீங்க அங்க இல்ல. 'இந்த விலாசத்தில் வசிக்கவில்லை'ன்னுதான் எழுதி அனுப்பிச்சேன்."

"நான் எங்க சார் போவேன்? இருபத்தாறு வருஷமா அதே வீடு."

"போன் பண்ணேன், எடுக்கல. சரின்னு நேர்லயே போனேன். பதினேழாம் நம்பர், இரண்டாவது குறுக்குத் தெரு. அது பல் டாக்டர் கிளினிக்கும்மா. வரவேற்புல இருந்த பொண்ணுகிட்ட உங்க பேரைச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பொண்ணு நோட்டைப் பாத்துட்டு, 'இன்னிக்கு அவங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் இல்லையே சார்'னுது."

"குறுக்குத் தெருவா? எங்க வீடு மெயின் ரோடு சார். இரண்டாவது மெயின் ரோடு."

ஏட்டு அட்டையை அவர் பக்கம் திருப்பி, ஒரு விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். 17, இரண்டாவது குறுக்குத் தெரு. எட்டு வருஷத்துக்கு முன்னால் அட்டை எடுத்தபோது யாரோ தப்பாக அடித்திருக்கிறார்கள். எண் சரி, 'இரண்டாவது'வும் சரி. மிச்சத்தை யாரும் படிக்கவில்லை. பழைய தபால்காரர் முகத்தைப் பார்த்தே கடிதம் கொடுக்கிறவர், தெருப் பேரை அவர் எங்கே பார்த்தார்? அட்டையும் விண்ணப்பமும் அச்சு மாறாமல் ஒத்துப்போனதால் பாஸ்போர்ட் மையத்திலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தப்பைக் கண்டுபிடித்தது ஏட்டின் கால்தான்.

வேன்காரம்மாவுக்கு முதலில் உயிர் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. பல் டாக்டர் கிளினிக்கை நினைத்து அடக்க முடியாமல் சிரித்தார். ஏட்டின் மீசையும் ஆடியது.

"இப்ப என்ன சார் பண்ணணும்?"

"முதல்ல அட்டையில விலாசத்தைத் திருத்துங்க. திருத்தின அட்டையை எடுத்துக்கிட்டு பாஸ்போர்ட் ஆபீஸ் போங்க. நடந்ததை எழுதிக் குடுங்க, விலாசத்தை மாத்தி மறுபடி விசாரணைக்கு அனுப்பச் சொல்லுங்க. அவங்க அனுப்பினா நான் வருவேன். நானா எதையும் மாத்த முடியாது."

வீட்டுக்கு வந்து கணவரிடம் அட்டையை நீட்டி, "படிங்க," என்றார். அவர் படித்தார். மறுபடி படித்தார்.

"இருபது வருஷத்துல ஒரு தப்பு இல்லன்னு சொல்வீங்களே?"

"நம்பர் சரியாத்தானே இருக்கு," என்றார் அவர் மெதுவாக. இருவரும் சிரித்ததில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

திருத்துவதற்குக் கையில் ஓர் ஆதாரம் வேண்டும். மின்கட்டண ரசீது கணவர் பேரில், வீட்டு வரியும் கணவர் பேரில். கடைசியில் கைகொடுத்தது பேங்க் பாஸ்புக். கல்யாணமான புதிதில் வேன்காரம்மாவே தன் கையால் நிரப்பித் தொடங்கிய கணக்கு. போட்டோவும் பேங்க் முத்திரையும் இருந்தன. விலாசத்தில் மெயின் ரோடு என்று அழகாக இருந்தது. அட்டை மையத்தில் அதைக் கொடுத்து, விரல் வைத்து, புதிய விலாசத்தை இந்தமுறை ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் படித்தார். பின்னால் வரிசையில் நின்றவர் உச்சுக்கொட்டினார்.

"கொஞ்சம் இருங்க தம்பி. நான் ஒரு தடவை பல் டாக்டர் வீட்டுல குடியிருந்தவ," என்றார் அவரிடம்.

ஒன்பதாம் நாள் திருத்தம் ஏறிவிட்டது. பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி கடிதத்தை வாங்கிப் படித்தார். கணவர் எழுதித் தந்த அரசாங்கத் தமிழை ஓரமாக வைத்துவிட்டு, வேன்காரம்மா தன் பாணியிலேயே எழுதியிருந்தார். 'நான் வசிப்பது மெயின் ரோட்டில். என் அட்டை வசித்தது குறுக்குத் தெருவில். இது எனக்குத் தெரியாமல் நடந்தது. இப்போது இருவரும் ஒரே வீட்டுக்கு வந்துவிட்டோம்.' அதிகாரி முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் இருக்க ரொம்ப முயற்சி பண்ணினார். அட்டையைச் சரிபார்த்து, பாஸ்புக்கையும் பார்த்து, விலாசத்தை மாற்றிக் குறிப்பெழுதினார்.

"மறுபடி போலீஸுக்கு அனுப்பறேன். இந்தத் தடவை போன் வந்தா எடுங்க."

வந்தது. காலை டிரிப் முடிந்த நேரமாகப் பார்த்து ஏட்டே கூப்பிட்டார். "நாளைக்கு பதினோரு மணிக்கு வர்றேன். அசல் எல்லாம் எடுத்து வைங்க. உங்களை நல்லாத் தெரிஞ்ச அக்கம்பக்கத்துக்காரங்க ரெண்டு பேர் இருக்கணும், கையெழுத்துப் போடணும்."

தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஒருவர். இடப்பக்கத்து வீட்டுக் கணக்காளர் இன்னொருவர். இருவரும் சரி என்றிருந்தார்கள். மறுநாள் பத்தரைக்குக் கணக்காளர் செருப்பை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். "மன்னிச்சுக்குங்க, ஆபீஸ்ல அவசரமாக் கூப்பிடறாங்க," என்று போயே போய்விட்டார். பதினோரு மணிக்கு ஏட்டு வந்தார். வாசலில் நின்று கதவு எண்ணைப் பார்த்தார், தெருப் பலகையைப் பார்த்தார், "அப்பாடா," என்றார். அசல்களைப் பார்த்தார். எத்தனை வருஷமாக இங்கே, வேறெங்காவது இருந்தீர்களா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். போட்டு வாசலுக்குக் கொண்டுவந்த டீயை வேண்டாம், தண்ணீர் போதும் என்றார். மருந்துக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினார்.

"இன்னொருத்தர்?"

வலப்பக்கத்து வீடு பூட்டு. மேல்வீட்டுக்காரர்கள் குடிவந்து ஒரு மாதம். தெருவில் மற்ற எல்லாரும் வேலைக்குப் போகிற ஜனங்கள். ஏட்டு கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த வாரம் வரட்டுமா?"

எதிர்வீட்டு மாடியில் எதிர்வீட்டம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன்காரம்மா செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டினார். இருபதடி அகலத் தெரு. மூன்று வருஷமாகத் தாண்டாத தெரு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"கொஞ்சம் கீழ வர முடியுமா? ஒரு கையெழுத்து வேணும்."

எதிர்வீட்டம்மா மாடியிலிருந்து மறைந்தார். கதவைச் சாத்திக்கொண்டார் என்றே வேன்காரம்மா நினைத்தார். ஆனால் கீழ்க்கதவு திறந்தது. தலையைச் சரிசெய்து, கையில் தன் அடையாள அட்டையோடு எதிர்வீட்டம்மா வெளியே வந்தார்.

ஏட்டு கேட்டார், "இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? காலையில ஆறு பத்துக்கு வண்டி எடுப்பாங்க. ஒன்பதேகாலுக்கு வருவாங்க. ரெண்டே முக்காலுக்கு மறுபடி எடுப்பாங்க. மழைன்னாலும் சரி, காய்ச்சல்னாலும் சரி, ஒரு நாள் தவறினதில்ல. பதினெட்டு வருஷமா பாக்கறேன் சார். அந்த வண்டிச் சத்தம் கேக்கலன்னா எனக்கு விடியாது."

"ஆள் எப்படி?"

எதிர்வீட்டம்மா வேன்காரம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "கோபக்காரி. ஆனா நம்பி எதையும் விடலாம். பதினாலு வீட்டுக்காரங்க பெத்த பிள்ளைகளையே விடறாங்களே."

ஏட்டு எழுதிக்கொண்டார். எதிர்வீட்டம்மா கட்டம் பார்த்து, தெளிவாகக் கையெழுத்துப் போட்டார். ஏட்டு தன் பைக்கில் கிளம்பிப் போனபிறகு இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.

"நீங்க ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தீங்கன்னு நினைச்சேன்," என்றார் வேன்காரம்மா.

"எழுதினேன். குடுக்கல. முனைக்குப் போனதும் மழை புடிச்சுக்கிச்சு, காகிதம் நனைஞ்சுது. மறுபடி எழுதச் சோம்பலா இருந்துது." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் நீங்க பேசலையேன்னு நானும் பேசல," என்றார்.

"நீங்க பேசலையேன்னுதான் நானும்."

"ஏட்டுக்கு டீ போட்டீங்களே, அவர் குடிக்கலையே. ஆறிப்போகுது, குடுங்க."

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மூன்று வருஷத்துப் பாக்கிப் பேச்சு. ரெண்டே முக்கால் ஆனதை எதிர்வீட்டம்மாதான் நினைவுபடுத்தி எழுப்பி அனுப்பினார்.

ஒன்பது நாள் கழித்து, தபால்காரப் பெண் ஒரு தடித்த உறையோடு வந்தாள். உரியவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று அட்டையைக் கேட்டு வாங்கி, விலாசத்தையும் முகத்தையும் ஒப்பிட்டாள். வேன்காரம்மா கத்தரிக்கோலால் உறையின் ஓரத்தை அளந்து வெட்டினார். புதுப் புத்தக வாசனை. முதல் பக்கத்தில் சிரிப்பை அடக்கத் தெரியாத முகம். அதற்குப் பக்கத்தில் அப்பாவின் பேர் முழுசாக. கடைசிப் பக்கத்தில் விலாசம். கணவர் எண்ணைப் பார்க்காமல் தெருப் பேரிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு விசா வந்தது, டிக்கெட் வந்தது. வேனுக்கு மூன்று வாரத்துக்கு மாற்று டிரைவரை நியமித்து, யாருக்கு ஜன்னல் ஓரம் என்று ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தார். பிள்ளைகள் விமான நிலையத்துக்கே வருவோம் என்று அடம்பிடித்தன. நடக்கவில்லை. பதிலாக, கிளம்பும் நாள் மாலை டிரிப்பில் ஒவ்வொன்றும் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி, படத்தைப் பார்த்து, "ஆன்ட்டி சிரிக்கிறாங்க," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தன.

தங்கை விமான நிலையத்தில் நின்றிருந்தாள். பதினாறு வருஷம் போனில் கேட்ட குரல், நரையோடு, உயரமாக, எதிரே. பக்கத்தில் லேப் மனிதர், கையில் ஒரு போர்வை. "அக்காவுக்குக் குளிருமேன்னு கொண்டுவந்தேன்," என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே வேன்காரம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து பத்தே நிமிஷத்தில் முடிந்தது. அன்று ராத்திரி அக்காளும் தங்கையும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ரொட்டியும் ஜாமும் தின்றபடி எதைச் சொல்லியோ சிரித்துக்கொண்டே இருந்தார்கள். புது மாப்பிள்ளை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, இது இப்போதைக்கு முடியாது என்று போய்ப் படுத்துவிட்டார்.